கை ஏறாத கோட்டு, நிரப்பாத கட்டம்

கேள்வி: ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்காமல் நாளைக் கடத்திவிட்டு, கடைசி நாளில் அலுவலகத்துக்கு ஓடும் ஒரு தையல்காரரைப் பற்றிச் சிறுகதை எழுதினேன். படித்தவர்கள் எல்லாரும் “அந்த மனுஷன் முன்னாடியே போயிருக்கலாமே, ஏன் போகல?” என்றுதான் கேட்கிறார்கள். கடைசி ஓட்டமும் சினிமாத்தனமாக இருக்கிறதாம். எங்கே கோளாறு, எப்படிச் சரிசெய்வது?

பதில்: முதலில் ஒரு சின்னச் சோதனை. கதையில் தையல்காரர் என்று வரும் இடத்திலெல்லாம் தச்சர் என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். கதை அப்படியே ஓடினால் கோளாறு அங்கேதான் இருக்கிறது. மறதி, சோம்பல், வேலைப்பளு ஆகிய மூன்றும் யாருக்கும் பொருந்தும் காரணங்கள். அதனால்தான் படிப்பவருக்கு அவை காரணமாகவே படவில்லை. இவர் ஏன் போகவில்லை என்பதற்கு விடை இவருடைய கைத்தொழிலுக்குள்ளிருந்து வர வேண்டும்.

அதற்கு முன் விதியை முடிவு செய்துகொள்ளுங்கள். பல ஓய்வூதியத் திட்டங்களில் தாமதமாக விண்ணப்பித்தால் சில மாதத் தொகைதான் போகும், உரிமையே போய்விடாது. விவரம் தெரிந்த வாசகர் இங்கே கதையை விட்டு வெளியே வந்துவிடுவார். எல்லாமே பறிபோகும் நிலை வேண்டுமானால் அதற்கேற்ற ஏற்பாடு தேவை. உதாரணமாக, தையல்காரர்கள் வருடாவருடம் பணம் கட்டிவந்த ஒரு சங்கத்தின் சேமநல நிதி மூடப்படுகிறது. பாக்கிப் பணத்தைப் பிரித்து, தொழிலை விட்டவர்களுக்கு ஓய்வூதியமாகக் கொடுக்கப்போகிறார்கள். சங்கம் அனுப்பும் கடிதத்தின் தேதியிலிருந்து 90 நாளுக்குள் விண்ணப்பம் அலுவலகத்தில் முத்திரை வாங்கியிருக்க வேண்டும், தபாலில் போட்ட தேதி செல்லாது. மூடப்போகிற நிதி என்பதால் கெடு ஏன் இவ்வளவு கறார் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

இப்போது நாளை எண்ணுங்கள். கடிதத்தில் உள்ள தேதி மார்ச் 4. அது அவர் கைக்கு வந்தது மார்ச் 11. மார்ச் 4-லிருந்து 90-ஆவது நாள் ஜூன் 2. இவரோ கைக்குக் கிடைத்த நாளிலிருந்து எண்ணி, நாட்காட்டியில் ஜூன் 9-ஐத் தையல் சாக்பீஸால் சுழித்து வைக்கிறார். இந்த ஏழு நாள் பிசகு நிஜத்திலும் அடிக்கடி நடப்பதுதான். கடைசிப் பரபரப்புக்கு இதுவே போதும், மழையும் வண்டிப் பழுதும் வேண்டியதில்லை. ஒன்று மட்டும் முக்கியம்: மார்ச் 4 என்ற தேதி முதல் பக்கத்திலேயே வாசகர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். அவர் சுழிப்பது ஜூன் 9 என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டையும் அருகருகே வைத்து விளக்காதீர்கள். கூட்டிப் பார்க்கிற வாசகருக்கு அங்கிருந்தே வயிறு கலங்கத் தொடங்கும். கடைசியில் திடீரென்று “தேதி தவறு” என்று வெளியிட்டால் ஏமாற்றப்பட்டதாகத்தான் தோன்றும்.

இனி தாமதம். அதற்கு இரண்டு காரணங்கள் வேண்டும். ஒன்று அவர் மற்றவர்களிடம் சொல்வது, மற்றொன்று தனக்கே சொல்லிக்கொள்ளாதது.

வெளியே சொல்லும் காரணம் இப்படி இருக்கலாம். 22 வருடம் சந்தா கட்டியதற்கு அவரிடம் 21 ரசீதுகள் இருக்கின்றன. ஒன்றைக் காணவில்லை. ஒரு பட்டன் குறைந்த சட்டையை யாரிடமும் கொடுத்துப் பழகாதவர் அவர். காஜா எடுத்து, பட்டன் வைத்து, உள்பக்கம் தொங்கும் நூலை வெட்டி, இஸ்திரி போட்ட பிறகுதான் துணி கையை விட்டுப் போகும். குறையோடு விண்ணப்பத்தை நீட்டுவது அவருக்கு முடியாத காரியம். இந்தத் தாமதத்தில் அவருடைய நல்ல குணமே அவருக்கு எதிராக வேலை செய்கிறது. “ஏன் போகல?” என்ற கேள்விக்குப் பாதி விடை இங்கேயே கிடைத்துவிடும்.

மீதிப் பாதி விண்ணப்பத்தில் இருக்கிறது. அதில் ஒரு கட்டம்: தொழிலை நிறுத்திய தேதி.

அவர் கடையில் ஒரு கோட்டு தொங்குகிறது, உடம்பு தைத்து முடிந்தது, கைகள் இன்னும் ஏறவில்லை. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதலாம், ஏனென்றால் கதையின் அச்சே இதுதான். கோட்டுக் கையின் மேல் வளைவைக் கைக்குழியின் சுற்றளவைவிடச் சில செ.மீ. கூடுதலாக வெட்டுவார்கள். கம்பளித் துணியில் 3, 4 செ.மீ. கூடச் சாதாரணம். அந்தக் கூடுதலைச் சுருக்கம் தெரியாமல் உள்ளே அடக்கி ஏற்றினால்தான் தோள் உருண்டு நிற்கும். முதலில் ஓட்டுத் தையலில் கையைத் தற்காலிகமாகப் பிடித்து, ஆளை நிற்கவைத்துப் பார்ப்பார்கள். சிலர் கையை முன்னால் தொங்கவிட்டு நிற்பார்கள், சிலர் பின்னால். நிற்கும் வாகுக்கு ஏற்பக் கையைச் சற்றே திருப்பி ஏற்றாவிட்டால் சாய்வாக மடிப்பு விழும். அளவு நோட்டில் கையின் நீளம் இருக்கும், ஆள் நிற்கும் வாகு இருக்காது. டிரையலுக்கு ஆள் வராமல் கை ஏறாது. வாடிக்கையாளர் வரவில்லை. ஆகவே வேலை முடியவில்லை, ஆகவே நிறுத்திய தேதியும் இல்லை. தையல் எந்திரம் டக் டக்கென்று ஓடும் சத்தத்தைப் பத்து முறை எழுதுவதைவிட இந்தக் கோட்டு ஒன்று அதிகம் வேலை செய்யும். எந்திரச் சத்தம் வெறும் பின்னணி, இந்தக் கோட்டோ அவர் தன்னை ஏமாற்றிக்கொள்ள உதவும் பொருள்.

இரண்டு காரணங்களும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு போகட்டும். பிறகு வெளிக்காரணத்தை உடைத்துவிடுங்கள். மே 20 அன்று அந்த 22-ஆவது ரசீது கிடைத்துவிடுகிறது. பழைய அளவு நோட்டின் அட்டைக்குள்ளிருந்து கிடைக்கலாம், அதற்குப் பெரிய கதை வேண்டாம். ரசீதை மற்றவற்றோடு அடுக்கி, நூலால் கட்டி, அலமாரியில் வைக்கிறார். மறுநாளும் போகவில்லை. கதையின் திருப்பம் இதுதான், கடைசி நாள் ஓட்டம் அல்ல. உண்மையில் 13 நாள் இருக்கிறது, அவர் கணக்கில் 20. எந்தத் தடையும் இல்லாத இந்த நாட்களில் அவர் போகாமல் இருப்பதைப் பார்க்கும்போதுதான் வாசகர் அந்தக் கட்டத்தைப் புரிந்துகொள்வார். இங்கே மன ஓட்டம் எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். “வேலையை விடுவது என்றால் தன்னையே விடுவதுபோல இருந்தது” என்ற ஒரு வரி வந்தாலும் கோட்டு வீணாகிவிடும். அதற்குப் பதில் இப்படி:

ரசீதுக் கட்டை அலமாரியில் வைத்தார். கோட்டை எடுத்து உதறி, தோளில் படிந்த தூசியைப் பிரஷால் தட்டினார். பிறகு அதே ஆணியில் மாட்டினார்.

நாட்களைச் சமமாகப் பங்கிடுவது அடுத்த தவறு. வாரத்துக்கு ஒரு காட்சி என்று போனால் 90 நாளும் ஒரே எடையில் வந்து விழும். சுமார் 1,800 சொல் கதை என்றால், முதல் இரண்டரை மாதத்தை 500 சொல்லுக்குள் முடிக்கலாம். மே 20-க்கு ஒரு 400. அதற்கும் ஜூன் 1-க்கும் இடையில் நான்கைந்து வரி போதும். மீதி முழுவதும் ஜூன் 1 இரவுக்கும் 2-ஆம் தேதிக்கும்.

தேதி தவறு என்பதை அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? மகளோ பக்கத்துக் கடைக்காரரோ வந்து சொன்னால் கதை அவர் கையைவிட்டுப் போய்விடும். கடிதம் நான்காக மடித்து அளவு நோட்டில் இருக்கட்டும், அந்தக் கோட்டுக்காரரின் பக்கத்திலேயே. அதை அங்கே செருகியதை மார்ச்சிலேயே காட்டிவிடுங்கள். ஜூன் 1 இரவு, வாடிக்கையாளர் இனி வரமாட்டார் என்று தோன்றி, அளவை மட்டும் நம்பிக் கையை ஏற்றிவிடலாம் என்று நோட்டைத் திறக்கிறார். நீளம் பார்க்கப் போன கண்ணில் தேதி படுகிறது. விரலை மடக்கி எண்ணுகிறார். இந்த இடத்தில் அவரைப் பதறவைக்க வேண்டாம். ஊசியில் நூல் கோத்தபடியே இருக்கிறது, அவ்வளவு போதும்.

கடைசி நாளுக்கு ஒரே ஒரு தடை வையுங்கள். மூடிய கதவு, கடுகடுப்பான எழுத்தர், காணாமல்போன கோப்பு எல்லாம் சேர்ந்து வந்தால் அது உங்கள் வேலை என்று தெரிந்துவிடும். இரக்கப்பட்டு நேரம் கடந்தும் விண்ணப்பத்தை வாங்கும் அதிகாரியும் வேண்டாம். அவர் வந்தால் தையல்காரர் எதையும் முடிவு செய்யாமலே பிழைத்துவிடுவார். அலுவலகம் திறந்திருக்கிறது, வரிசை சிறியது, எழுத்தர் சாதாரண மனிதர். எல்லாம் சரிபார்த்து, “ஐயா, இந்தக் கட்டத்தை நிரப்பிக் குடுங்க, காலியா இருந்தா பதிய முடியாது” என்கிறார். தடை அது ஒன்றுதான்.

இங்கே தையல் சாக்பீஸ் மறுபடி பயன்படும். துணியில் அதனால் இழுத்த கோடு தட்டினால் போய்விடும், அதற்காகத்தான் அது. வாழ்நாள் முழுக்க அழியக்கூடிய கோடு போட்டே பழகிய கை அவருடையது. அழியாத காரியம் அவருக்கு ஒன்றே ஒன்று, கத்திரி வைப்பது. அதனால்தான் வெட்டுவதற்கு முன் இரண்டாம் முறை அளப்பார். பேனாவைப் பிடித்த கை தயங்குவதை எழுதும்போது இந்த ஒப்புமையை நீங்கள் சொல்ல வேண்டாம். கதையின் தொடக்கத்தில் அவர் துணியை இரண்டாம் முறை அளந்து கத்திரி வைப்பதை ஒரு வரியில் காட்டியிருந்தால், இங்கே “இன்றைக்கு என்ன தேதி?” என்று அவர் எழுத்தரிடம் இரண்டு தடவை கேட்பதே போதும்.

அவர் எந்தத் தேதியை எழுதுவார் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஜூன் 2 என்று எழுதினால் நேர்மை, ஆனால் கோட்டு இனி அவருடைய வேலை அல்ல. முந்தைய தேதி ஒன்றை எழுதிவிட்டு வந்து இரவில் கையை ஏற்றினால் அது வேறு மனிதர், வேறு கதை. அதுவும் மோசமில்லை. முதல் வழியை எடுத்தால் முத்திரை விழுந்த ஒப்புகைச் சீட்டோடு கதையை நிறுத்திவிடாதீர்கள். கடைக்குத் திரும்பட்டும். கோட்டை இறக்கி, ஓட்டுத் தையலைப் பிரித்து, இரண்டு கைகளையும் உடம்போடு சேர்த்து மடித்து, வேறொரு தையல்காரருக்குக் கொண்டுபோகக் காகிதத்தில் சுற்றுகிறார். மேலே ஒரு துண்டுச் சீட்டு வைக்கிறார், வாடிக்கையாளர் நிற்கும் வாகைப் பற்றி நினைவிலிருந்து எழுதியது: “இடது தோள் சற்று இறக்கம். கையை முன்னால் விடுவார்.”