65 அங்குலம் யார் வீட்டுக்கான அளவு?

கேள்வி: எனக்கும் மனைவிக்கும் இதுதான் முதல் டிவி. ஹால் சிறியது, டிவி வைக்கும் சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை 9 அடி. எதிர்ச்சுவரை ஒட்டித்தான் சோபா. 50 அங்குல டிவியின் விலை என் மாதச் சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல், 65 அங்குலம் என்றால் ஒரு மாதச் சம்பளம் முழுவதும். மனைவியின் அண்ணன் வீட்டில் 65 இருக்கிறது. சோபாவில் உட்கார்ந்தால் டிவி 11 அடி தள்ளி இருக்கும். "வாங்குவதே ஒரு தடவை, 65க்குக் கீழே வாங்காதே, 18 மாதத் தவணைதான், வட்டியே கிடையாது" என்கிறார். ஃபோனுக்கும் வண்டிக்குமாகச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஏற்கெனவே தவணையில் போகிறது. கையில் இருக்கும் சேமிப்பு சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. மாதம் பத்தில் ஒரு பங்கு மிஞ்சும். பார்ப்பது பெரும்பாலும் செய்திச் சேனல், விளையாட்டு, வாரத்துக்கு ஓரிரு படம். மறுத்தால் அவர் வருத்தப்படுவார். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் மைத்துனர் சொல்லும் 65 அவர் ஹாலுக்குச் சரியான அளவு. அதே அளவை உங்கள் ஹாலுக்குத் தூக்கி வருவதில்தான் பிழை இருக்கிறது. அதைக் கணக்குப் போட்டே அவருக்குக் காட்டலாம்.

சுவருக்குச் சுவர் 9 அடி என்றாலும் பார்க்கும் தூரம் 9 அடி ஆகாது. சோபாவின் முதுகுப்பகுதி போக, உங்கள் கண் பின்சுவரிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை அடி முன்னால் இருக்கும். டிவியை மேசைமேல் வைத்தால் திரையும் சுவரிலிருந்து முக்கால் அடி முன்னால் வந்துவிடும். மிச்சம் ஆறே முக்கால் அடி, அதாவது 81 அங்குலம். நான் உத்தேசமாகச் சொல்கிறேன். நீங்கள் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, கண்ணருகிலிருந்து திரை வரப்போகும் இடம் வரை டேப் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். முதல் தடவை வாங்குகிறவர்களில் பலர் இந்த இரண்டே கால் அடியை மறந்துவிடுகிறார்கள். சிறிய அறையில் அது மொத்தத் தூரத்தில் கால் பங்கு.

இப்போது மைத்துனர் வீடு. 11 அடி என்றால் 132 அங்குலம். அதை 65ஆல் வகுத்தால் இரண்டுக்குச் சற்று மேல் வரும். திரையின் மூலைவிட்ட அளவைப்போல் இரண்டு மடங்கு தூரத்தில் உட்கார்ந்து அவர் பார்க்கிறார், அவருக்கு அது பிடித்தும் இருக்கிறது. உங்கள் 81 அங்குலத்தை அதே கணக்கில் வகுத்துப் பாருங்கள்: 40 வரும். அவர் கண்ணுக்கு அங்கே 65 எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ, உங்கள் சோபாவிலிருந்து 40 அங்குலம் அவ்வளவு பெரிதாகத் தெரியும். நீங்கள் பார்த்து வைத்த 50 உங்கள் ஹாலில் தரும் காட்சியை அவர் தன் சோபாவிலிருந்து பெற வேண்டுமானால் 81 அங்குல டிவி வாங்க வேண்டும். ஆக, நீங்கள் அவரைவிடச் சிறிய படம் பார்க்கப் போவதில்லை.

கடையிலும் இதே ஏமாற்றம் நடக்கும். அங்கே பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நிற்கிறோம், பக்கத்தில் 75, 85 எல்லாம் மாட்டியிருக்கும், 50 பரிதாபமாகத் தெரியும். வீட்டில் அதற்குப் பக்கத்தில் வேறு டிவி இருக்காது.

அப்படியானால் உங்களுக்கு மேல் எல்லை எது? படத்தின் நுணுக்கம்தான் அதை முடிவு செய்கிறது. சாதாரணப் பார்வை உள்ள கண் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்துப் பார்க்கும். அதை வைத்துக் கணக்கிட்டால், 1080 கோடுகள் உள்ள ஹெச்டி படம் குறையில்லாமல் தெரிய, திரை அளவைப்போல் ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் கூடுதலான தூரம் வேண்டும். சரியாகச் சொன்னால் 1.56 மடங்கு. 50 அங்குலத்துக்கு இது ஆறரை அடி. உங்களிடம் இருப்பது ஆறே முக்கால், பொருந்திவிட்டது. 65க்கு எட்டரை அடி வேண்டும், உங்களிடம் இல்லை.

"டிவி 4கே ஆயிற்றே, பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன?" என்று மைத்துனர் கேட்பார். நியாயமான கேள்வி. 4கே என்றால் ஹெச்டியைப்போல் நான்கு மடங்கு புள்ளிகள். அதனால் திரையின் புள்ளிகள் அந்தத் தூரத்தில் தெரியாது. நல்ல 4கே படம் ஓடினால் 65 உங்கள் ஹாலிலும் திரையரங்கு மாதிரி இருக்கும், கண்ணும் கெட்டுப்போகாது. ஆனால் நீங்கள் தினமும் பார்ப்பது செய்திச் சேனலும் விளையாட்டும். சேனல் அனுப்புவது ஹெச்டி, சில சமயம் அதைவிட நுணுக்கம் குறைந்த பழைய எஸ்டி. இல்லாத நுணுக்கத்தை டிவி ஊகித்து நிரப்பும், கூட்டித் தராது. எஸ்டி படம் 65 அங்குலத்தில் கூர்மையாகத் தெரிய ஏறக்குறைய 16 அடி தள்ளி உட்கார வேண்டியிருக்கும். ஆறே முக்கால் அடியில் முகங்களின் ஓரம் மங்கும், ஓடும் பந்தைச் சுற்றிக் கட்டம் கட்டமாகச் சிதறும். டிவி பழுது என்று கடைக்கு ஃபோன் செய்கிறவர்களில் சிலருடைய உண்மையான பிரச்சினை இதுதான்.

4கேயைவிடவும் புள்ளிகள் கூடுதலான 8கே பற்றி யாராவது பேச்செடுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். 65 அங்குலத்தில் 4கேக்கும் 8கேக்கும் வித்தியாசம் தெரிய வேண்டுமானால் திரைக்கு மூன்றரை, நான்கு அடிக்குள் போய் உட்கார வேண்டும். எதிர்காலத்துக்கு உதவும் என்று சொல்லி இன்றைய சம்பளத்தைக் கேட்கும் எந்தப் பொருளையும் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

டிவியைச் சுவரில் மாட்டினால் ஐந்தாறு அங்குலத் தூரம் கூடுதலாகக் கிடைக்கும். 86, 87 அங்குலம் வந்தால் 55 மட்டுமட்டாகப் பொருந்தும். அதற்கு மேல் உங்கள் ஹால் இடம் கொடுக்காது.

இனி பணம். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த டிவியின் விலைகூட இல்லை. "18 மாதத் தவணைதான்" என்ற சொல்லில் ஒட்டியிருக்கும் "தான்". ஃபோன் அப்படித்தான் வந்தது, வண்டியும் அப்படித்தான் வந்தது. ஒவ்வொன்றும் தனியே சின்னத் தொகை என்பதால் மொத்தத்தை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

கூட்டிப் பார்ப்போம். சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். 65 அங்குலத்தின் விலை 100, 18 மாதம் என்றால் மாதம் ஐந்தரை. இப்போது போகும் 20 உடன் சேர்த்து இருபத்தைந்தரை. மாதம் மிஞ்சும் 10, நாலரையாகச் சுருங்கும். ஒன்றரை ஆண்டுக்கு உங்கள் சேமிக்கும் சக்தியில் பாதிக்கு மேல் ஒரு டிவிக்குப் போகும். நடுவில் வண்டி நின்றுவிட்டாலோ யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனாலோ, அடுத்து நீங்கள் எடுப்பது நாலாவது கடனாக இருக்கும். அதற்கு நிச்சயம் வட்டி இருக்கும்.

வட்டி இல்லை என்பதையும் சோதித்துவிடுங்கள். கடையில் ஒரே ஒரு கேள்வி: "முழுப்பணத்தையும் இப்போதே கட்டினால் கடைசி விலை என்ன?" 100 என்று எழுதியிருப்பதை 94க்குத் தருகிறேன் என்றால், அந்த 6தான் வட்டி. 94ஐக் கடன் வாங்கி 18 மாதத்தில் 100 ஆகத் திருப்பிக் கட்டுகிறீர்கள், ஆண்டுக்கு ஏறக்குறைய 8 சதவீதம். செயலாக்கக் கட்டணம் என்று ஒன்று இருந்தால் அதையும் கூட்டுங்கள். ஒரு காசுகூடக் குறைக்க மாட்டேன் என்றால் மட்டும் அது உண்மையிலேயே வட்டியில்லாத தவணை. அப்போதும் மேலே சொன்ன நாலரை மாறாது.

50 அங்குலம் உங்கள் கணக்கில் 55. கையிலுள்ள சேமிப்பைத் தொட வேண்டாம், ஒரு மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பது அவசரத்துக்கே போதாது. மாதம் மிஞ்சும் 10ஐத் தனியாக ஒதுக்கினால் ஐந்தரை மாதத்தில் முழு விலையும் சேர்ந்துவிடும், முழுப்பணத்துக்கான தள்ளுபடி கிடைத்தால் ஐந்து மாதம். அவ்வளவு காலம் பொறுக்க முடியாது என்றால் தவணைக்குப் போகாமல் அளவில் இறங்குங்கள். 43 அங்குலம்கூட உங்கள் சோபாவிலிருந்து, மைத்துனர் வீட்டில் 70 அங்குல டிவி வைத்தது போலத் தெரியும். அந்த அளவில் 4கேக்குத் தனியாக விலை கேட்டால் கொடுக்காதீர்கள். உங்கள் தூரத்தில் 43 அங்குல ஹெச்டி திரையின் புள்ளி கண்ணுக்குத் தெரியாது.

வாங்குமுன் ஒரு மாலை இதைச் செய்யுங்கள். பழைய செய்தித்தாள்களை ஒட்டி 50க்கு 43½ அங்குல அகலம், 24½ உயரம். 65க்கு 56½ அகலம், 32 உயரம் என்று இரண்டு வெட்டி, திரை வரப்போகும் இடத்தில் மாற்றி மாற்றி மாட்டிப் பாருங்கள். படத்தின் நடுப்பகுதி, உட்கார்ந்திருக்கும்போது உங்கள் கண் உயரத்துக்கு வர வேண்டும். 65ஐ அப்படி வைத்தால் கதவோ ஜன்னலோ இடிக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். இடிக்கிறதென்று மேலே ஏற்றி மாட்டினால் தினமும் அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான். பக்கவாட்டு நாற்காலியிலிருந்து யாராவது பார்ப்பார்கள் என்றால், கடையில் அதே அளவு ஒதுங்கி நின்று நிறம் வெளுக்கிறதா என்று கவனியுங்கள். சில திரைகள் நேரே அழகாக இருந்து, பக்கத்திலிருந்து பார்த்தால் வெளுத்துவிடும்.

அந்த மாலை மைத்துனரையும் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். தவணையைப் பற்றி வாதாட வேண்டாம். டேப்பை அவர் கையில் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள், 65 அளவுத் தாளை மாட்டி உங்கள் சோபாவில் உட்காரவையுங்கள். அதற்குப் பிறகும் 65தான் வேண்டும் என்று அவர் சொன்னால், முடிவு உங்களுடையதும் உங்கள் மனைவியுடையதும் என்பதை உங்கள் மனைவியே தன் அண்ணனிடம் சொல்வது நல்லது. நீங்கள் சொன்னால் அது மறுப்பாகத் தெரியும், தங்கை சொன்னால் அவர் கேட்டுக்கொள்வார்.