பகிர்ந்த காலண்டரில் வீட்டு நிகழ்ச்சிகள் மோதாமல் பார்த்துக்கொள்வது

கேள்வி: நானும் கணவரும் ஒரே கூகுள் காலண்டரைத்தான் பயன்படுத்துகிறோம். அப்படியும் ஸ்கூல் மீட்டிங், ஊர்ப் பயணம், டாக்டர் அப்பாயின்ட்மென்ட் எல்லாம் ஒன்றோடொன்று மோதுகின்றன. என்ன செய்யலாம்?

நிகழ்ச்சியை எழுதும்போதே அதற்கு யார் போகப்போகிறார் என்பதையும் தலைப்பில் எழுதிவிடுங்கள். வீட்டைவிட்டுக் கிளம்புவதிலிருந்து அந்த ஆள் அடுத்த வேலைக்குத் தயாராகும் வரை எவ்வளவு நேரமோ, அவ்வளவையும் காலண்டரில் அடைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் பெரும்பாலான மோதல்கள் இந்த இரண்டிலேயே முன்கூட்டித் தெரிந்துவிடுகின்றன.

ஒரு சனிக்கிழமையை எடுத்துக்கொள்வோம். காலை 10 மணிக்குப் பையனின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். 11.30-க்கு அத்தைக்குக் கண் பரிசோதனை. என் கணவர் வெள்ளி இரவு மதுரையில் ரயிலேறி, சனி காலை எழும்பூரில் இறங்குகிறார். கூட்டம் 10 முதல் 10.30, கண் டாக்டர் 11.30 முதல் 12 என்று போட்டால் காலண்டரில் எல்லாம் சரியாகத்தான் தெரியும். நடப்பது வேறு. கூட்டத்தில் ஒவ்வொரு டீச்சரிடமும் வரிசையில் நின்று வெளியே வர 11.30 ஆகிவிடும். அத்தைக்குச் சர்க்கரை இருப்பதால் விழித்திரையையும் பார்ப்பார்கள். அதற்குச் சொட்டு மருந்து விட்டுக் கண்பாவை விரியக் காத்திருக்க வேண்டும். பார்த்து முடித்த பிறகும் சில மணி நேரம் பார்வை மங்கலாகத்தான் இருக்கும். தனியாக ஆட்டோவில் அனுப்ப முடியாது. ஆக, அது 11 முதல் 2 வரை இன்னொருவரையும் பிடித்துக்கொள்ளும் வேலை. அப்படிப் போட்டதும் இரண்டுக்கும் நானே போக முடியாது என்பது பளிச்சென்று தெரிந்தது. ரயில் கொஞ்சம் தாமதமானாலும் சமாளிக்கலாம் என்பதால் கண் டாக்டரைக் கணவரிடம் கொடுத்தோம். காலண்டரில் "ஸ்கூல் மீட்டிங் - அம்மா", "பாட்டி கண் - அப்பா" என்று இருக்கும். பிள்ளைகளும் பார்ப்பதால் அவர்கள் கூப்பிடும் முறையிலேயே எழுதுகிறோம்.

ரயில் பயணத்தில் இரண்டு விஷயம். நள்ளிரவு தாண்டி ஏறும் டிக்கெட்டில் தேதி மாறிவிடும். திருச்சியில் 12.40-க்கு ஏறுவதை நாம் "சனிக்கிழமை ராத்திரி" என்போம், டிக்கெட்டில் ஞாயிறு இருக்கும். அதனால் சனி இரவு 11.30 முதல் ஞாயிறு காலை வீடு சேரும் வரை ஒரே நிகழ்ச்சியாகப் போடுங்கள். முழுநாள் நிகழ்ச்சியாகப் போட்டால் கூகுள் அதை வழக்கமாக "Free" என்றே குறித்துக்கொள்ளும். அதை "Busy" ஆக்க வேண்டும்.

இன்னொன்று, முன்பதிவு நாள். 2024 நவம்பரிலிருந்து பெரும்பாலான ரயில்களுக்குப் பயண நாளைச் சேர்க்காமல் 60 நாளுக்கு முன்புதான் முன்பதிவு திறக்கிறது. பொங்கலுக்கு ஜனவரி 12 அன்று கிளம்புவதென்றால், நவம்பர் 13 காலை 8 மணிக்கு "டிக்கெட் போட வேண்டும்" என்று ஒரு நிகழ்ச்சி இருக்க வேண்டும். அதைப் போடும் முன் பரீட்சை அட்டவணையையும் பார்த்துவிடுங்கள். அட்டவணை இன்னும் வரவில்லை என்றால் பயணத்தின் தலைப்பில் ஒரு கேள்விக்குறி சேர்த்துவிடுங்கள், முடிவாகவில்லை என்று மற்றவருக்கும் தெரியும்.

அப்புறம் நினைவூட்டல். பலரும் கவனிக்காதது இதுதான். கூகுள் காலண்டரில் நினைவூட்டல் அவரவர் கணக்கோடு நின்றுவிடும். நீங்கள் ஒரு மணி நேரம் முன்பு என்று வைத்தால் உங்கள் போன்தான் அடிக்கும், கணவர் போன் அடிக்காது. அவர் தன் கணக்கில் calendar.google.com போய், அமைப்புகளில் அந்தக் குடும்பக் காலண்டரைத் திறந்து, "Event notifications" என்ற இடத்தில் தனக்கு வேண்டியதை வைத்துக்கொள்ள வேண்டும். முழுநாள் நிகழ்ச்சிகளுக்கு அதன் கீழேயே தனி இடம் உண்டு. எங்கள் இருவருக்கும் ஒரு நாள் முன்பு ஒன்று, இரண்டு மணி நேரம் முன்பு ஒன்று.

பகிரும்போது உங்கள் இருவருக்கும் "Make changes to events" உரிமை இருக்கட்டும். பார்த்தால் மட்டும் போதும் என்பவர்களுக்கு "See all event details" கொடுங்கள். பள்ளி வாட்ஸ்அப் குழுவில் சுற்றறிக்கை வந்தால், முதலில் படித்தவர் அப்போதே ஏற்றிவிட வேண்டும். தேதி தள்ளிப்போனால் புதிதாக இன்னொன்று போடாமல் பழைய நிகழ்ச்சியையே புதிய நாளுக்கு நகர்த்துங்கள். இல்லையென்றால் ஒரே கூட்டம் இரண்டு நாளில் நிற்கும், எது சரியென்று தெரிய மறுபடியும் டீச்சரைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும்.