29 போதாமற் போனது ஏன்?

“செயற்பாட்டு விரியலாக்கியால் RC அவத்தைப் பெயர்ச்சி அலையம் ஒன்று கட்டினேன்: மூன்று 10 kΩ தடையிகள், மூன்று 10 nF கொள்ளளவிகள். நயம் 29 வேண்டும் என்றார்கள். 10 kΩ பெய்ப்புத் தடையியும் 300 kΩ பின்னூட்டல் தடையியும் போட்டேன். அலைவே இல்லை, ஏன் ஐயா?”

தம்பி, தடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவரும் சைகை அதே அவத்தையில், பருமன் குறையாமல் திரும்பினால்தான் அலைவு நிலைக்கும் என்பதே பார்க்கௌசன் நிபந்தனை. நேர்மாறு விரியலாக்கி 180° தருவதால், மீதி 180° மூன்று RC கண்ணிகளிலிருந்து வர வேண்டும்.

மூன்றும் சமமானால் அது நிகழும் மீடிறன் 1/(2π√6RC), அதாவது உங்கள் பெறுமானங்களுக்கு ஏறத்தாழ 650 Hz. அங்கே சைகை 29 மடங்கு நலிகிறது. ஆனால் நேர்மாறு பெய்ப்பு மாயப் புவியாக, அதாவது புவியின் அழுத்தத்திலேயே இருப்பதால், உங்கள் பெய்ப்புத் தடையி மூன்றாவது தடையிக்குச் சமாந்தரமாகி, கடைசிக் கண்ணியை 5 kΩ ஆக்கிவிடுகிறது. அந்த வலையைத் தீர்த்துப் பார்த்தேன்: மீடிறன் ஏறத்தாழ 750 Hz, நலிவு 39.5 மடங்கு. எனவே தட நயம் 30/39.5, அதாவது 0.76 மட்டுமே, எழும் சிற்றலைவும் அடங்கிவிடும்.

புவிக்குச் செல்லும் மூன்றாவது தடையியைக் கழற்றிவிடுங்கள். பெய்ப்புத் தடையியே அதன் வேலையைச் செய்யும். 5 வீதப் பிழையுள்ள தடையிகளில் 30 என்ற நயம் 27 வரை இறங்கக்கூடும் என்பதால், பின்னூட்டலுக்கு 330 kΩ இடுங்கள். தட நயம் சரியாக 1 ஆனால் அலைவு தொடங்காது. சற்று மிஞ்சினால் இரைச்சலிலிருந்து வளர்ந்து, வழங்கல் வோல்ற்றளவை அண்டி நிற்கும். அலைவுகாட்டியில் உச்சிகள் தட்டையாகத் தெரிந்தால், நயத்தைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள்.