மண்டிச் சீட்டில் எடையை முதலில் பாருங்கள்

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் வேலை செய்கிறேன். என் நிலத்தில் தம்பி சின்ன வெங்காயம் போட்டு, திண்டுக்கல் பக்கம் ஒரு மண்டிக்கு அனுப்பினான். சீட்டில் விற்பனை 28,800 ரூபாய், கைக்கு வந்தது 23,782. கமிஷன் 10 சதவீதம்தானே? இங்கிருந்தே வழக்குப் போட முடியுமா?

பதில்: நீங்கள் அனுப்பிய சீட்டில் எல்லாரும் கடைசி வரியைத்தான் பார்ப்பார்கள். நான் முதல் வரியைப் பார்த்தேன். 20 மூட்டை, 1,000 கிலோ, "கழிவு 40", நிகரம் 960. அந்த 40 கிலோவை ரூபாயாக எங்கும் எழுதவில்லை. கிலோ 30 ரூபாய் என்றால் 1,200 ரூபாய் சத்தமில்லாமல் போயிருக்கிறது. சாக்கு எடையைக் கழிப்பது நியாயம்தான். ஆனால் மூட்டைக்கு 2 கிலோவா? வெறும் சாக்கைத் தராசில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

கமிஷன் 2,880. முன்பே பேசி ஒப்புக்கொண்டதாக இருந்தாலோ, அந்த மண்டியின் வழக்கமாக இருந்தாலோ அதை அசைப்பது கடினம். கூலி 200, லாரி 1,600 இரண்டுக்கும் ரசீது கேளுங்கள். மகமை 50 ரூபாய் தர்மத்துக்கு விருப்பப்பட்டுக் கொடுப்பது. கேட்காமல் பிடிக்கக் கூடாது. "செஸ் 288"தான் எனக்கு உறுத்துகிறது. தமிழ்நாட்டின் 1987ஆம் ஆண்டு வேளாண் விளைபொருள் சந்தைச் சட்டப்படி இந்தச் சந்தைக் கட்டணத்தைக் கட்ட வேண்டியவர் சரக்கை வாங்கும் வியாபாரி, விற்கும் விவசாயி அல்ல.

லாரியை விட்டுவிட்டு, கழிவையும் சேர்த்துக் கூட்டினால் மண்டியில் போனது 4,618 ரூபாய். 1,000 கிலோவின் விலை 30,000 என்று வைத்தால் இது 15 சதவீதத்துக்கும் மேல்.

சரி, 30 ரூபாய் விலையாவது உண்மையா? சீட்டில் வாங்கியவர் பெயர் இல்லை. மண்டிக்காரர் உங்கள் தம்பியின் முகவர். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 213 படி கேட்டால் கணக்குக் காட்ட வேண்டும். வாங்கியவருக்குப் போட்ட பில்லைக் கேளுங்கள். சொல்லாமல் தானே சரக்கை எடுத்துக்கொண்டிருந்தால், அதில் அடைந்த லாபத்தைப் பிரிவு 216 படி கேட்கலாம்.

வழக்கு என்று போனால் அது தமிழ்நாட்டில்தான். சிங்கப்பூரின் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இதில் உதவாது. நிலம் உங்களுடையதாக இருந்தாலும் சீட்டு தம்பி பெயரில் இருக்கிறது, அதனால் அவரே நோட்டீஸ் அனுப்பலாம். உங்கள் அதிகாரப் பத்திரம் தேவையில்லை. அதற்கு முன் ஒன்றைத் தம்பியிடம் கேட்டுவிடுங்கள்: மண்டியில் முன்பணம் வாங்கியிருக்கிறாரா? வாங்கியிருந்தால் அதைப் பிடித்துக்கொள்ள மண்டிக்காரருக்குப் பிரிவு 217 இடம் தருகிறது, கணக்குக் கேட்கிற அன்றே அந்தப் பாக்கியையும் எடுத்து வைப்பார்.

நோட்டீஸை ஸ்பீட் போஸ்ட்டில் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். அவர் முகவராக இருக்கும்போதே கணக்குக் கேட்டு மறுத்திருந்தால் அந்த நாளிலிருந்து, இல்லையென்றால் முகவர் வேலை முடிந்த நாளிலிருந்து, 3 ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். வாய்மொழியாகக் கேட்டால் கேட்ட நாளை நிரூபிப்பது கடினம்.