தேங்காய்ப்பூவில் தொடங்கிக் கடல் மணலில் முடிக்கலாம்

கேள்வி: மகளுக்கு 6 வயது. வெள்ளவத்தையில ஃபிளட்டில இருக்கிறம். 9 மணிக்குப் படுத்தா 10.30 வரைக்கும் உருண்டுகொண்டே கிடக்கிறா. கை, கால் எண்டு ஒவ்வொண்டாச் சொல்லி உடம்பை ஆறவைக்கிற மாதிரி வாசிச்சுக் காட்ட ஏதும் எழுதித் தருவீங்களா? இணையத்தில எடுத்ததை வாசிச்சா சிரிக்கத் தொடங்கிடுறா.

பதில்:

முகத்தைச் சுளிக்கச் சொல்லும் இடம் கடைசியில் வந்தால் எந்தப் பிள்ளையும் சிரிக்கும். அடங்கி வந்த உடம்பு திரும்ப விழித்துவிடும். அதை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டால், சிரித்தாலும் ஆறுவதற்கு நேரம் இருக்கும். கீழே அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

'உடம்பைத் தளர்த்து' என்றால் 6 வயதுப் பிள்ளைக்கு என்ன செய்வதென்று தெரியாது. 'இறுக்கு', 'விடு' இரண்டும் தெரியும். எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1920களில் பெரியவர்களுக்கு வகுத்த முறையின் சாரமும் இதுதான்: ஒரு தசையை முதலில் இறுக்கினால், விடும்போது வரும் வித்தியாசம் புலப்படும். பிள்ளைக்குப் பாதிப் பலமும் 5 விநாடியும் போதும். விட்டபிறகு அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு நேரம் சும்மா இருக்கவேண்டும். மணிக்கூட்டைப் பார்க்கத் தேவையில்லை. [மூச்சு] என்று போட்டிருக்கும் இடத்தில் நீங்களே ஆறுதலாக இரண்டு முறை மூச்சு இழுத்து விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.

"மல்லாந்து படுங்கோ. கை ரெண்டும் பக்கத்தில கிடக்கட்டும். கண்ணை மூடினாலும் சரி, மூடாட்டிலும் சரி. ஃபேன் சத்தம் கேக்குது. றோட்டில வாகனம் போகுது. போகட்டும். [மூச்சு]

வலக்கைக்குள்ள ஒரு பிடி தேங்காய்ப்பூ இருக்கு. பொத்திப் பிழியுங்கோ. பால் வடியுது… இன்னும் கொஞ்சம்… சரி, சக்கையைப் போட்டிடுங்கோ. விரல் எல்லாம் தன்ரபாட்டில விரியுது. கை சும்மா கிடக்குது. [மூச்சு]

இப்ப இடக்கை. பிழியுங்கோ… பிழியுங்கோ… விடுங்கோ. ரெண்டு கையும் கனமாக் கிடக்குது. [மூச்சு]

வாய்க்குள்ள ஒரு புளியங்காய். கடிச்சாச்சு. கண், மூக்கு, வாய் எல்லாம் சுருங்குது… புளிப்புப் போயிட்டுது. நெத்தி விரியுது. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் முட்டாமல் இருக்கு. நாக்கு படுத்திருக்கு. [மூச்சு]

திடீரெண்டு மழை. குடை இல்லை. தோளைக் காதுக்குக் கிட்டத் தூக்கிக் கழுத்தை ஒளியுங்கோ… வீட்டுக்குள்ள வந்தாச்சு. தோள் இறங்குது. இன்னும் இறங்குது. தலையைத் தலையணை வச்சிருக்குது, நீங்கள் பிடிக்கத் தேவையில்லை. [மூச்சு]

வயிறு ஒண்டும் செய்யத் தேவையில்லை. வயித்துக்கு மேல ஒரு சின்ன வள்ளம் கட்டிக் கிடக்குது. மூச்சு வரேக்க வள்ளம் எழும்புது. மூச்சுப் போகேக்க இறங்குது. [மூச்சு] எழும்புது… இறங்குது. [மூச்சு]

குதிக்கால் ரெண்டையும் மெத்தையில அமத்துங்கோ. துடை இறுகுது… விடுங்கோ. கால் ரெண்டும் கனம். [மூச்சு]

இப்ப கடற்கரையில, ஈர மணலில நிக்கிறம். அலை வந்து காலை நனைச்சிட்டுத் திரும்பிப் போகுது. பாதத்துக்குக் கீழ மண் கரையுது. கால் மெல்லப் புதையுது. குளிர்மையா இருக்கு. [மூச்சு] திரும்ப ஒரு அலை. பெருவிரல் புதையுது. [மூச்சு] சின்ன விரல் புதையுது. [மூச்சு] இன்னொரு அலை…"

இதற்கு முடிவு எழுதவில்லை. 'முடிஞ்சுது, நித்திரை கொள்ளுங்கோ' என்று சொன்னால், கேட்டுக்கொண்டு கிடந்த பிள்ளை கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்கும். கடைசி அலையை இரண்டு மூன்று தரம், ஒவ்வொரு தரமும் குரலைக் குறைத்துச் சொல்லிக்கொண்டே போய் அப்படியே நிறுத்திவிடுங்கள். எழும்பிப் போகவும் வேண்டாம், ஒரு ஐந்து நிமிடம் பக்கத்தில் இருங்கள்.

பாதத்தில் இறுக்குவது இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். படுத்தபடி கால்விரலை நீட்டி இறுக்கினால் கெண்டைக்காலில் நரம்பு பிடித்து இழுக்கும் என்று சொல்வோமே, அது வரலாம். ஒருநாள் அப்படி இழுத்தால் அடுத்த நாள் பிள்ளை இதற்கே சம்மதிக்காது. சூடான வெயில், கதகதப்பான போர்வை என்பவற்றையும் எடுத்துவிட்டேன். இணையத்தில் கிடைப்பவற்றில் பலதில் அவை இருக்கும், குளிர் நாட்டில் எழுதியவை அவை. நித்திரை வருவதற்கு உடம்பு உள்சூட்டை வெளியே விடவேண்டும். ஏப்ரல் மாதத்துக் கொழும்புப் புழுக்கத்தில் வியர்த்துக் கிடக்கும் பிள்ளைக்கு 'உடம்பெல்லாம் இதமாச் சூடேறுது' என்று வாசித்தால் அது போர்வையை உதைக்கத்தான் செய்யும். கனமும் குளிர்மையும் போதும்.

இறுக்கும்போது மூச்சைப் பிடித்துவைப்பதுதான் பிள்ளைகள் விடும் முக்கியமான பிழை. முகம் சிவக்கும், விட்டதும் 'ஹா' என்று பெரிய மூச்சு வரும். அப்படிக் கண்டால் 'பிழியுங்கோ' என்ற இடத்தில் 'மூச்சு விட்டுக்கொண்டே பிழியுங்கோ' என்று மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டாவது பிழை நம்முடையது: வேகம். மேலே உள்ளதை முடிக்க 6, 7 நிமிடமாவது எடுக்கவேண்டும். மூன்று நிமிடத்தில் முடிந்தால் நீங்கள் [மூச்சு] இடங்களை விழுங்கிவிட்டீர்கள்.

முதல் தடவையை இரவில் வைக்கவேண்டாம். பின்னேரம் கதிரையில் இருத்தி, தேங்காய்ப்பூப் பகுதியை மட்டும் விளையாட்டாகச் செய்து பாருங்கள். விட்டபிறகு மணிக்கட்டை இரண்டு விரலால் சற்றுத் தூக்கி விடுங்கள். தொப்பென்று விழுந்தால் கை உண்மையிலேயே தளர்ந்திருக்கிறது. கை உங்களுக்கு முன்னே தானாக எழும்பினால், அல்லது அந்தரத்தில் நின்றால், பிள்ளை உங்களுக்கு உதவி செய்கிறது, இன்னும் தளரவில்லை. இந்தச் சோதனை பகலுக்கு மட்டும். சிரிப்பும் பகலிலேயே பாதி தீர்ந்துவிடும்.

தொலைபேசியைப் பார்த்து வாசிக்காதீர்கள். வெளிச்சம் அவ முகத்தில் விழும், நடுவில் தகவல் வந்து மின்னும். கடதாசியில் பெரிய எழுத்தில் எழுதி, விறாந்தை லைற் கதவு நீக்கலால் வரும் அளவில் வாசியுங்கள். ஒரு கிழமைக்குள் பாடமாகிவிடும். சொற்களை இரவுக்கிரவு மாற்றவேண்டாம், புதுச் சொல் வந்தால் பிள்ளை அதைக் கேட்க விழித்துக்கொள்ளும்.

ஒன்றைச் சொல்லவேண்டும். ஒன்றரை மணித்தியாலம் விழித்துக் கிடப்பதை இதை வாசித்து மட்டும் சரிப்படுத்த முடியாது. 9 மணிக்கு அவவுக்கு நித்திரை வருவதில்லை என்பதுதான் அதன் பொருள். கொஞ்ச நாளைக்கு 10 மணிக்கே படுக்கையில் விட்டு, விடிய எழுப்பும் நேரத்தை மாற்றாமல், பகல் நித்திரையும் இல்லாமல் பாருங்கள். படுத்து 20 நிமிடத்துக்குள் நித்திரையானால், இரண்டு மூன்று இரவுக்கு ஒருக்கால் 15 நிமிடம் முன்னுக்குக் கொண்டுவாருங்கள். குறட்டை, வாயால் மூச்சு விடுதல், கால் குறுகுறுக்குது என்ற முறைப்பாடு இருந்தால் பிள்ளை மருத்துவரிடம் காட்டுங்கள். கையோ காலோ முறிந்து ஆறிக்கொண்டிருந்தால் அந்தப் பகுதியில் இறுக்கும் வரியை விட்டுவிட்டு, கனமாகக் கிடக்கும் வரியை மட்டும் வாசியுங்கள்.