ஆணவமும் செம்புக் களிம்பும்

"வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில் ஆணவத்தைச் செம்பிலுள்ள களிம்புக்கு ஒப்பிட்டார்கள். ஆணவம் என்றால் தலைக்கனம்தானே?"

தலைக்கனம் அதன் ஒரு வெளிப்பாடு மட்டும். சைவ சித்தாந்தத்தில் ஆணவம் உயிரின் அறிவை மறைக்கும் மலம், அதாவது உயிரைப் பற்றிய அழுக்கு. அதற்குத் தொடக்கமே இல்லை.

யாழ்ப்பாணத்தில் எங்கள் சனசமூக நிலைய மண்டபத்தில் ஐயா இதற்கு ஒரு கதை சொன்னார். நல்லூர்த் திருவிழா முடிய, ஒரு அம்மா செம்புக் குடத்தைப் புளி போட்டு மினுக்கிப் பெட்டிக்குள் வைத்தாராம். அடுத்த வருடம் திறந்தால் களிம்பு. "ஆர் தொட்டது?" என்று மருமகளில் பாய்ந்தார். ஒருவரும் தொடவில்லை. ஆணவமும் அப்படித்தான், நாம் செய்து தேடிக்கொண்டதல்ல. செய்து சேர்ப்பது கன்மம் என்ற வினை.

காற்றும் ஈரமும்தானே காரணம் என்று கேட்கலாம். சரிதான், உவமையை அவ்வளவு தூரம் இழுக்கக்கூடாது. புளி தேய்த்தாலும் களிம்பு திரும்ப வரும் அல்லவா? அதனால்தான் இரசகுளிகை என்ற பாதரச உருண்டை பட்டுச் செம்பு களிம்பு நீங்கிப் பொன்னாகும் உவமையையும் சேர்த்துச் சொல்வார்கள். அந்த உவமையில் செம்பு உயிர், குளிகை இறைவனின் திருவருள்.