ஒரே கதையை மூன்று முறை சொன்னால் போதுமா?

கேள்வி: ஒகேனக்கல் பரிசல்காரர் ஒருவர் காணாமல் போவதை வைத்து 20 நிமிடக் குறும்படம் எடுத்திருக்கிறோம். இதையே காமிக்ஸாகவும் யூடியூப் தொடராகவும் கொண்டுவர ஆசை. "அது டிரான்ஸ்மீடியா ஆகாது" என்கிறார் எங்கள் பேராசிரியர். ஏன்? – வாசகர், பென்னாகரம்

அவர் சொல்வது சரி. படத்தின் கதையையே காமிக்ஸில் வரைந்தால் அது தழுவல். படம் பார்த்தவருக்கு அதில் புதிதாக எதுவும் கிடைக்காது. டிரான்ஸ்மீடியாவில் ஒவ்வொரு ஊடகமும் மற்றதில் இல்லாத ஒரு துண்டைச் சொல்ல வேண்டும். ஊடக ஆய்வாளர் ஹென்றி ஜென்கின்ஸ் இதை விளக்க எடுத்துக்கொண்டது 'தி மேட்ரிக்ஸ்' பட வரிசையைத்தான்.

அதில் ஒரு தகவலின் பயணத்தை மட்டும் பாருங்கள். ஒன்பது அனிமேஷன் குறும்படங்கள் கொண்ட 'தி அனிமேட்ரிக்ஸ்' தொகுப்பில், ஓசிரிஸ் என்ற கப்பலின் குழு இயந்திரப் படை வருவதைக் காண்கிறது. குழுவைச் சேர்ந்த பெண் அந்தச் செய்தியை ஒரு தபால் பெட்டியில் போட்டுவிட்டு இறக்கிறாள். 'என்டர் தி மேட்ரிக்ஸ்' வீடியோ கேமில் அதைத் தபால் நிலையத்திலிருந்து மீட்பதுதான் ஆட்டக்காரரின் முதல் வேலை. 2003 மே மாதம் வெளியான இரண்டாம் படத்திலோ, ஓசிரிஸ் அனுப்பிய கடைசிச் செய்தி என்று ஒரு கூட்டத்தில் பேச்சு வரும், அவ்வளவுதான். படம் மட்டும் பார்த்தவருக்கு ஆபத்து வருகிறது என்பது புரிந்துவிடும். மூன்றையும் பார்த்தவருக்கு அந்தச் செய்திக்காக யார் உயிரைக் கொடுத்தார்கள் என்பதும் தெரியும்.

சறுக்கிய இடமும் அதே படத்தில் உண்டு. நாயகன் நியோ தன்னைக் காப்பாற்றியதாகச் சொல்லிக்கொண்டு ஒரு பையன் அவன் பின்னாலேயே சுற்றுவான். அவன் கதை இருப்பது அனிமேட்ரிக்ஸில். அதன் டிவிடி வந்ததோ ஜூனில். மே மாதம் தியேட்டரில் உட்கார்ந்தவருக்கு, யார் இந்தப் பையன் என்ற குழப்பம்தான் மிஞ்சியது.

உங்கள் படத்திலும் கைமாறும் பொருள் ஒன்று வேண்டும். துடுப்பையே எடுத்துக்கொள்வோம். வெட்டுத் தழும்புள்ள துடுப்பு மட்டும் கரை ஒதுங்குவது படத்தில் வரட்டும். அந்த வெட்டு பத்து வருடத்துக்கு முன் எப்படி விழுந்தது என்பதைக் காமிக்ஸ் சொல்லட்டும். துடுப்பைக் கண்டெடுத்தவர் ஏன் இரண்டு நாள் வாய் திறக்கவில்லை என்பதைத் தொடர் சொல்லட்டும். தழும்பு எந்தப் பக்கம், பரிசலில் அன்று எத்தனை பேர், யாருக்கு எப்போது என்ன தெரியும் என்பதை ஒரே நோட்டில் எழுதி, வரைபவரிடமும் கேமராக்காரரிடமும் கொடுத்துவிடுங்கள்.

மேட்ரிக்ஸ் கேமுக்காக அதே நடிகர்களை வைத்து, அதே இயக்குநர்கள் சுமார் ஒரு மணி நேரக் காட்சிகளைத் தனியாக எடுத்தார்கள். உங்களுக்கு அந்த வசதி இல்லை என்றாலும் தொடரைப் படம் எடுத்த அதே பருவத்தில் எடுங்கள். காவிரியில் வெள்ளம் வந்தால் பரிசலுக்குத் தடை விழும். ஓடினாலும் தண்ணீரின் நிறம் காட்டிக்கொடுத்துவிடும்.

வெளியிடும் முன், விஷயமே தெரியாத ஐந்து பேருக்குப் படத்தை மட்டும் போட்டுக் காட்டுங்கள். முடிவு புரியவில்லை என்றால் படத்துக்கு வேண்டிய துண்டு காமிக்ஸுக்குப் போய்விட்டது. அதைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். பிறகு அவர்களிடமே காமிக்ஸைக் கொடுத்து, படத்தின் எந்தக் காட்சி இப்போது வேறு மாதிரி தெரிகிறது என்று கேளுங்கள். ஒன்றுகூட இல்லை என்றால் அந்தக் காமிக்ஸை அச்சுக்கு அனுப்ப வேண்டாம்.